இரவு இரண்டு மணிக்கு முதுகில் ஒட்டும் நைட்டி: கோளாறு எங்கே?

கோலாலம்பூர் செந்தூலில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கையும் பஞ்சாபி உடையும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. நைட்டி தைப்பதில் பெரிய காசு கிடையாது. ஆனால் கடைக்குத் திரும்பி வரும் துணிகளில் நைட்டிதான் அதிகம், அதிலும் ஏப்ரல், மே மாதங்களில். தையல் பிரிந்து வருவதில்லை. "நல்ல காட்டன் என்றுதானே வாங்கினேன், பிறகு ஏன் அக்கா தூங்க முடியவில்லை?" என்று சுருட்டிய துணியை மேசையில் வைப்பார்கள்.

என்ன துணி என்று நான் முதலில் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, விழிக்கும்போது துணி ஈரமாக இருக்கிறதா, காய்ந்து இருக்கிறதா என்றுதான் கேட்பேன். உங்கள் பதில் எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் வைத்திருக்கிறேன்.

## அறிகுறி: நள்ளிரவுக்குப் பிறகு விழிப்பு, துணி ஈரமாக முதுகில் ஒட்டியிருக்கிறது

மின்விசிறி மட்டும் ஓடும் அறைகளில் இதுதான் அதிகம். வேர்ப்பது இயல்பு. வேர்வை துணிக்குள் போய் அங்கேயே தங்கிவிடுவதுதான் கோளாறு.

முதலில் சொட்டுச் சோதனை. துவைத்துக் காய்ந்த நைட்டியை மேசையில் விரித்து, முதுகுப் பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று நொடியில் அது உள்ளே இறங்கி வட்டமாகப் பரவினால் சரி. முத்துப்போல் மேலேயே நின்றால் இழையின்மேல் ஏதோ பூச்சு இருக்கிறது. புதுத் துணியானால் அது ஆலையில் போட்ட கஞ்சியும் பளபளப்புப் பூச்சும். பழைய துணியானால் குற்றவாளி பெரும்பாலும் துணி மென்மையாக்கும் திரவம்தான். வாசனைக்காக மூடி மூடியாக ஊற்றுகிறோம். அது இழையின்மேல் மெல்லிய கொழுப்புப் படலமாகப் படிந்து, நல்ல பருத்தியையும் வேர்வை குடிக்காத துணியாக மாற்றிவிடுகிறது. அந்தத் திரவத்தை நிறுத்துங்கள். சோப்புத் தூளை வழக்கத்தில் பாதியாகக் குறைத்து, வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்து, மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் நைட்டிகளில் சில இந்த இடத்திலேயே குணமாகி வீட்டுக்குப் போய்விடும்.

அடுத்து, உள்ளே என்ன உடுத்தியிருக்கிறீர்கள்? வாயல் நைட்டிக்குள் சாட்டின் உள்பாவாடை கட்டிக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. பகலில் வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது, துணி மெல்லியது, அந்தக் கூச்சம் எனக்கும் புரிகிறது. ஆனால் படுக்கும்போது தோலைத் தொடுவது சாட்டின்தானே. அதைக் கழற்றிவிட்டு ஓர் இரவு படுத்துப் பார்த்த பிறகு நைட்டியைக் குறை சொல்லுங்கள்.

பிறகு அளவு. பருத்தி முதல் சில துவைப்பில் மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கும். துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியிருந்தால் அக்குளும் முதுகுப் பட்டையும் இறுகும். இறுகிய இடத்தில் காற்று நுழையாது. நைட்டியை உடுத்திக்கொண்டு முதுகில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். ஒரு கைப்பிடி வர வேண்டும். வராவிட்டால் பக்கத் தையலைப் பிரித்து விடுவது பத்து நிமிட வேலை. தையல்காரரிடம் கொடுங்கள், புதுத் துணி வாங்காதீர்கள்.

இந்த மூன்றையும் செய்து பார்த்தும் ஒட்டுகிறது என்றால், இனித் துணியையே சந்தேகிக்கலாம். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

### கிளை 1: சொட்டு இன்னும் முத்தாகவே நிற்கிறது

அப்படியானால் காட்டன் என்று சொல்லி விற்றது கலப்புத் துணியாக இருக்கலாம். மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கட்டின் ஓரத்தில் டி.சி. அல்லது சி.வி.சி. என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டி.சி.யில் பாலியஸ்டர் அதிகம், பெரும்பாலும் 65க்கு 35. சி.வி.சி.யில் பருத்தி அதிகம், 60க்கு 40 போல. கடைக்காரரின் வாயில் இரண்டும் காட்டன்தான். ஐஸ் சில்க் என்பது இன்னும் வேடிக்கை: அதில் பட்டு இருக்காது, ரேயானோ நைலானோ பாலியஸ்டரோ இருக்கும். தொட்டவுடன் சில்லென்று இருப்பது உண்மைதான். அந்தச் சில்லிப்பு எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

உறுதிப்படுத்த நூலை எரித்துப் பாருங்கள். உள்மடிப்பிலிருந்து நெடுக்கு நூல் ஒன்றும் குறுக்கு நூல் ஒன்றும் தனித்தனியாக உருவுங்கள். இரண்டும் வேண்டும், ஏனென்றால் சில துணிகளில் பாவு மட்டும் பருத்தியாகவும் ஊடு பாலியஸ்டராகவும் இருக்கும். கழுவுதொட்டியின்மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகும். கலப்பு எரியவும் செய்யும், முனையில் கட்டியும் விடும். மரக்கூழ் இழையான மோடலும் காகிதம்போலவே எரியும் என்பதால் பருத்தியா மோடலா என்று இந்தச் சோதனை சொல்லாது.

கறுப்பு மணி வந்தால் அந்த நைட்டியைச் சரிசெய்ய வழியில்லை. துவைத்துத் துவைத்து யாரும் பாலியஸ்டரைப் பருத்தியாக்கியதில்லை. பகலில் சமையலறையில் உடுத்தித் தீருங்கள்.

### கிளை 2: சொட்டு இறங்குகிறது, நூலும் சாம்பலாகிறது, ஆனாலும் ஒட்டுகிறது

இதுதான் பலரைக் குழப்பும் இடம். இழை சரி, துணி தவறு. நல்ல பருத்தி என்பது வேறு, இரவுக்கு ஏற்ற பருத்தி என்பது வேறு. கெட்டியான பாப்ளினும் பருத்திதான், படுக்கை விரிப்பும் பருத்திதான். இரண்டும் வேர்வையைக் குடிக்கும், காற்றை விடாது.

ஊதிப் பாருங்கள். துணியை இரண்டாக மடித்து வாயோடு ஒட்டிப் பிடித்து, மறுபக்கம் கை அகலத் தொலைவில் புறங்கையை வைத்து ஊதுங்கள். ஊதிய காற்று புறங்கையில் தெளிவாகப் பட்டால் அது இரவுத் துணி. கன்னம் உப்பி, காற்று பக்கவாட்டில் பிதுங்கினால் அது பகல் துணி. கடையிலேயே இதைச் செய்யலாம். விற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

கணக்காகப் பார்க்க விரும்பினால் எடையைக் கேளுங்கள். வாயலும் மல்லும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 முதல் 80 கிராம். பாப்ளின் 100ஐத் தாண்டும். கடைகளில் தொங்கும் மோடல் பின்னல் துணி பெரும்பாலும் 160 முதல் 200 வரை. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்தாலே கீழே வரும் கதையின் பாதி புரிந்துவிடும்.

### ஒரு நைட்டியும் ஒரு மோடல் செட்டும்

பக்கத்து அடுக்குமாடியில் உச்சி மாடியில் இருக்கும் ஓர் அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், கடந்த ஆண்டு விலை உயர்ந்த மோடல் செட் ஒன்று வாங்கினார். சட்டையும் கால்சட்டையும். கையில் எடுத்தால் பூனைக்குட்டியைத் தொடுவதுபோல் இருந்தது. "பருத்தியைவிட இது அதிகம் உறிஞ்சும் என்றார்களே" என்றார். விற்றவர் பொய் சொல்லவில்லை. இயல்பான காற்றிலேயே நூறு கிராம் பருத்தி எட்டு கிராம் அளவுக்கு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். பீச் மரக்கூழிலிருந்து வரும் மோடல் பதினொன்றைத் தாண்டும். பாலியஸ்டர் அரை கிராம்கூடப் பிடிக்காது. ஆனால் நம் அறையில் வேண்டியது குடிக்கும் துணி மட்டுமல்ல, குடித்ததைக் காற்றுக்கு விடும் துணி. கோலாலம்பூரில் விடியற்காலைக் காற்றே பெரும்பாலும் நீர் நிறைந்திருக்கும். அதற்குள் ஈரத்தைத் தள்ள, துணி மெல்லியதாகவும் உடம்பைவிட்டு விலகியும் நிற்க வேண்டும்.

அக்கா நம்பவில்லை. சரி என்று சமையலறைத் தராசை எடுத்தேன். என் பழைய வாயல் நைட்டி, தளர்வாகத் தைத்தது, 230 கிராம். மோடல் செட் 380. இரண்டையும் நனைத்து இயந்திரத்தில் ஒரே சுற்றாகப் பிழிந்ததும் நைட்டி 350, செட் 620. அக்காவின் படுக்கையறையிலேயே, மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுழல, இரவு ஒன்பது மணிக்குத் தொங்கவிட்டோம். பதினொரு மணிக்கு நைட்டி 245 கிராமுக்கு வந்திருந்தது. கீழ்மடிப்பில் மட்டும் ஈரம். செட் இன்னும் 500. சட்டையின் முதுகைக் கன்னத்தில் வைத்துப் பார்த்த அக்கா, "ஈரச் சாக்கு" என்றார்.

இன்னொன்றையும் அவர் கையாலேயே காட்டினேன். ஈரமான மோடலைக் கையில் போர்த்தினால் அது விரல்களுக்கு நடுவில்கூட ஒட்டி இறங்கும். பின்னல் துணி, நெகிழும் இழை, ஐந்து விழுக்காடு ஸ்பாண்டெக்ஸ் வேறு. உடம்பின் வளைவெல்லாம் பிடித்துக்கொள்ளும். நெய்த வாயலுக்கு ஒரு மொறமொறப்பு உண்டு. நனைந்தாலும் ஆங்காங்கே கூடாரம்போல் எழும்பி நிற்கும், அந்த இடுக்கில் விசிறிக் காற்று ஓடும்.

அக்காவுக்கு நான் தைத்துக் கொடுத்தது வாயல்தான். அகலம் வழக்கத்தைவிட எட்டு அங்குலம் கூடுதல், அக்குளில் முக்கோணத் துண்டு, கழுத்தைச் சுற்றிச் சுருக்கமோ லேசோ கிடையாது. இரண்டு மணி விழிப்பு நின்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான். நான்கரைக்குத் தள்ளிப்போனது. உச்சி மாடிக் கூரை பகல் முழுக்க வாங்கிய வெயிலை இரவில் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது, அதை வாயல் என்ன செய்யும்? அந்த நிலையில் இருப்பவர்கள் கூரைக்கு வெப்பத் தடுப்பு போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். துணிக்கு மேல் செலவழித்துப் பயனில்லை.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, கைலி இருக்கிறது. ஆனால் பெலிக்காட் கைலியிலும் கலப்பு வந்துவிட்டது. பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய துணிக்கு இந்தக் கதி. வாங்கும்போது ஓரத்து நூலை உருவிப் பாருங்கள்.

## அறிகுறி: துணி காய்ந்தே இருக்கிறது, ஆனால் உடம்பு புழுங்குகிறது

கையால் தடவினால் துணியில் ஈரமில்லை. உள்ளே தோல் மட்டும் நசநசவென்று இருக்கும். இது பாலியஸ்டர் சாட்டினின் அடையாளம். வேர்வை துணிக்குள் போகவே இல்லை, தோலுக்கும் துணிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சொட்டு விட்டுப் பாருங்கள், ஊதிப் பாருங்கள், இரண்டிலும் தோற்கும்.

"அப்படியானால் என் வீட்டுக்காரர் பந்தாட்டச் சட்டையில் நிம்மதியாகக் குறட்டை விடுகிறாரே, அதுவும் பாலியஸ்டர்தானே?" என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. அந்தச் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடைபோல் ஓட்டைகள் தெரியும். இழை ஈரத்தைக் குடிக்காவிட்டாலும் ஓட்டை வழியாகக் காற்று போய்வருகிறது, ஒட்டிய ஈரமும் சீக்கிரம் காய்கிறது. ஆகவே செயற்கை இழை என்றாலே தூக்கிப் போடாதீர்கள். ஓட்டையுள்ள தளர்வான பாலியஸ்டர், நெருக்கி நெய்த பருத்தியைவிட இரவில் மேலாகவே இருக்கலாம். நெருக்கமாக நெய்த பாலியஸ்டருக்குத்தான் மன்னிப்பு இல்லை.

## அறிகுறி: ஏர்கோன் அறை, தொடக்கத்தில் சுகம், இரண்டு மூன்று மணிக்குத் திடீர்ப் புழுக்கம்

துணியைத் தொடுமுன் ரிமோட்டைப் பாருங்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து இரண்டு மணிக்கு அணையும்படி நேரம் வைத்திருப்பீர்கள். அணைந்ததும் சன்னல் மூடியிருக்கும் அறையில் காற்றோட்டமே இல்லை. உங்கள் மூச்சும் வேர்வையும் அறையை ஈரமாக்கும். பதினொரு மணிக்குப் பொருத்தமாக இருந்த துணி மூன்று மணிக்குப் பொருந்தாது.

சரிசெய்யும் வழி எளிது. ஏர்கோன் ஓடும்போதே மின்விசிறியையும் குறைந்த வேகத்தில் விட்டுவையுங்கள், ஏர்கோன் அணைந்தாலும் விசிறி ஓடட்டும். நேரம் வைக்காமலே இப்படி நடந்தால், காற்று வரும் இடத்தில் கையை வையுங்கள். காற்று வருகிறது, குளிர் இல்லை என்றாலோ, உள்பெட்டியிலிருந்து நீர் சொட்டினாலோ வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். அப்போதும் மாறாவிட்டால் ஏர்கோன் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.

விடியும்வரை ஏர்கோன் ஓடும் வீடுகளில் நான் மோடலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அங்கே காற்று உலர்ந்திருக்கிறது, அது குடித்த ஈரத்தை விட்டுவிடும்; அதன் மென்மைக்கும் அப்போதுதான் அர்த்தம். வாயல் அந்தக் குளிருக்குப் போதாமல், நான்கு மணிக்குப் போர்வையை இழுக்கவைக்கும். உச்சி மாடி அக்காவின் மோடல் செட் இப்போது பினாங்கில் ஏர்கோன் வீட்டில் இருக்கும் அவருடைய மகளிடம் இருக்கிறது. அவள் அதைக் கழற்றுவதே இல்லையாம்.

## அறிகுறி: அரிப்பு

எங்கே அரிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். கழுத்தோரம், தோள் தையல் என்று கோடாக அரித்தால் அது லேசும் ஓரத் தையலும். லேஸ் பெரும்பாலும் நைலான், பிரித்து எடுத்துவிடலாம். ஓரத்தில் மெல்லிய பருத்திப் பட்டை வைத்துத் தைத்தால் தீர்ந்தது. இடுப்பைச் சுற்றி வளையமாக அரித்தால் எலாஸ்டிக், நாடாவாக மாற்றுங்கள். முதுகிலும் முழங்கை மடிப்பிலும் பொடிப் பொடியாகச் சிவந்து குத்தினால் வேர்க்குரு. துணியைத் தளர்த்திக் குளிர்ந்த நீரில் குளித்தால் சில நாளில் அடங்கும்.

விளிம்பு சிவந்து நடுப்பகுதி தெளிந்த வட்டமாக நாளுக்கு நாள் பெரிதானால் அது பூஞ்சை. தையல்காரியிடம் காட்டாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். மருந்து போடும் நாள்களில் நேற்றைய நைட்டியை மறுபடி உடுத்தவும் கூடாது.

## அறிகுறி: துவைத்த துணி, படுத்த அரை மணியில் நாற்றம்

கலப்புத் துணிகளின் நோய் இது. பாலியஸ்டர் தண்ணீரை விரட்டும், உடம்பு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அக்குளை உள்பக்கம் வெளியே திருப்பி, சோப்பு தேய்த்து அரை மணி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவையுங்கள். இரண்டு முறை செய்தும் போகாவிட்டால் துடைக்கும் துணியாக்குங்கள். பருத்தியில் இந்த நாற்றம் வந்தால் காரணம் வேறு: மழைநாளில் பின்பலகணியில் நாள் முழுக்கக் காயாமல் கிடந்திருக்கும். மறுபடி துவைத்து, விசிறிக்கு நேரே காயவைத்தால் போதும்.

## அறிகுறி: எந்தத் துணியானாலும் நனைகிறது

அறை குளிர்ச்சியாக இருந்தும், மெல்லிய துணி உடுத்தியும், விரிப்பையே மாற்றும் அளவுக்கு அடிக்கடி நனைந்தால் துணிக்கடைக்குப் போவதை நிறுத்துங்கள். கூடவே காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் இரவில் வேர்த்து நடுங்கி விழித்தால் அப்போதே சர்க்கரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும், குறைந்திருக்கலாம். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு என்பது பொதுவான காரணம். புதிதாகத் தொடங்கிய மாத்திரையும் காரணமாகலாம். எது என்று ஊகிப்பது உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல.

என்னிடம் வாயல் நைட்டி நான்கு தைத்துக்கொண்ட ஒரு பெண், நான்கும் நனைகின்றன என்று வந்தார். சொட்டுச் சோதனை, ஊதல், தளர்வு எல்லாம் சரி. துணியைக் குறை சொல்ல எனக்கு வழியே இல்லை. அளவு நாடாவைச் சுற்றினால் மூன்று மாதத்தில் இடுப்பு இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது, நாடாவைப் பிடித்த அவர் விரல்கள் நடுங்கின. கிளினிக்குக்கு அனுப்பினேன். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது. மருந்து தொடங்கிய பிறகு ஒரு நாள் அதே நான்கு நைட்டிகளோடு வந்தார், பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தரச் சொல்லி.